டிமென்ஷியா முதியவருக்குத் தரும் 'அமைதி மாத்திரை': எப்போது குறைக்கலாம்? எப்படிக் குறைக்கணும்? முழு விளக்கம்

"மாத்திரை போட்டதுல இருந்து அம்மா அடிக்கிறது, கத்துறது எல்லாம் நின்னுடுச்சு. ஆனா இப்போ எந்நேரமும் தூங்கிட்டே இருக்காங்க. எழுந்து நடந்தா விழுந்துடுறாங்க."

மறதி நோயான டிமென்ஷியா உள்ள முதியவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பல குடும்பங்கள் டாக்டரிடம் சொல்லும் வார்த்தைகள் இவை. மாத்திரையை நிறுத்தினால் பழைய ஆர்ப்பாட்டம் திரும்பி வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். கொடுத்துக்கொண்டே இருந்தால் உடம்பு கெட்டுவிடுமோ என்ற கவலை இன்னொரு பக்கம். இரண்டுமே நியாயமானவைதான்.

இந்த மாத்திரைகள் எதற்காகத் தரப்படுகின்றன, எவ்வளவு நாளைக்கு, எப்படிப் படிப்படியாகக் குறைப்பது, அதைக் குடும்பத்தில் எல்லோரிடமும் எப்படிப் பேசுவது? கல்லாவியில் உள்ள ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

இது என்ன மாத்திரை?

ரிஸ்பெரிடோன், குவெட்டியபின், ஒலன்சபின், ஹாலோபெரிடால் ஆகியவை 'ஆன்டிசைக்கோட்டிக்' வகை மருந்துகள். மனச்சிதைவு போன்ற நோய்களுக்காக வந்தவை. டிமென்ஷியா உள்ளவர்கள் அடிக்கும்போதும், 'என் நகையைத் திருடிட்டாங்க' என்று உறுதியாக நம்பும்போதும், இல்லாத ஆட்களைப் பார்த்து மிரளும்போதும் டாக்டர்கள் இவற்றைக் குறைந்த அளவில் எழுதுவது உண்டு.

ஆனால் இவை மறதியைச் சரிசெய்யும் மாத்திரைகள் இல்லை. மூர்க்கமும் மாயத்தோற்றமும் ஓரளவு குறையலாம், அவ்வளவுதான். வீட்டை விட்டு வெளியே போய்விடுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பொருளை ஒளித்து வைப்பது, துணியைக் கழற்றுவது போன்றவற்றுக்கு இந்த மருந்து பெரிதாக வேலை செய்வதில்லை. இந்தக் காரணங்களுக்காக மாத்திரை போய்க்கொண்டிருந்தால், கிடைப்பது தூக்கக் கலக்கம் மட்டும்தான்.

ஏன் நீண்ட நாள் தரக்கூடாது?

2005-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த வகையின் புதிய மருந்துகள் மீது தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், டிமென்ஷியா முதியவர்களில் சுமார் 10 வாரத்துக்குள் மாத்திரை எடுத்தவர்களில் 4.5 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.6 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். பெரும்பாலான இறப்புகளுக்கு இதயக் கோளாறு அல்லது நிமோனியா போன்ற தொற்று காரணம். 2008-ல் பழைய வகை மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை வந்தது.

2009-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று இன்னும் நேரடியான கேள்வியை எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டு வரும் அல்சைமர் நோயாளிகள் 165 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாத்திரை தொடர்ந்தது. இன்னொரு குழுவுக்கு வெற்று மாத்திரை. இரண்டு ஆண்டு முடிவில் மாத்திரை தொடர்ந்தவர்களில் 46 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நிறுத்தப்பட்டவர்களில் அது 71 சதவீதம். சின்ன ஆய்வுதான், அதுவும் முதியோர் இல்லங்களில் இருந்தவர்களிடம் நடந்தது. இருந்தாலும் 'ஒண்ணும் ஆகாது, போட்டுக்கிட்டே இருக்கட்டும்' என்று யாரும் சொல்ல முடியாத நிலையை அது உருவாக்கியது.

நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா?

இல்லை. இதுவும் குடும்பத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ரிஸ்பெரிடோன் நன்றாக வேலை செய்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, சிலருக்கு நிறுத்திப் பார்த்தார்கள். அடுத்த 16 வாரத்தில் நிறுத்தியவர்களில் 60 சதவீதம் பேருக்குத் தொந்தரவு திரும்பியது. தொடர்ந்தவர்களில் 33 சதவீதம் பேருக்கு. ஆரம்பத்தில் மாயத்தோற்றம் கடுமையாக இருந்தவர்களுக்குத் திரும்பி வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

அதனால்தான் 'எல்லோருக்கும் நிறுத்து' என்றோ 'யாருக்கும் தொடாதே' என்றோ டாக்டர்கள் சொல்வதில்லை. எதற்காகத் தொடங்கியது, பலன் கிடைத்ததா, இப்போது என்ன தொல்லை தருகிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல், நான்கு வாரம் கொடுத்தும் பலன் இல்லையென்றால் குறைத்து நிறுத்தச் சொல்கிறது. பலன் இருந்தாலும், தொடங்கி நான்கு மாதத்துக்குள் ஒருமுறை குறைத்துப் பார்க்கச் சொல்கிறது. டிமென்ஷியாவில் இந்த நடத்தைகள் நிரந்தரமாக இருப்பதில்லை, பல மாதங்களில் தானாகவே மாறும். ஆறு மாதத்துக்கு முன்பு தேவைப்பட்ட மாத்திரை இன்றைக்கும் தேவையா என்பது புதிய கேள்வி.

கல்லாவிக் குடும்பம்: ஓர் உதாரணம்

இது விளக்கத்துக்காக உருவாக்கப்பட்ட குடும்பம். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பலருக்கும் பழக்கமான சூழல்தான்.

ஊத்தங்கரை வட்டம் கல்லாவியில் 74 வயது அம்மா. மகனுக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருகிறார். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, உடன் இருப்பது மருமகள். மகளைப் பெங்களூருவில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

மூன்று ஆண்டாக மறதி. ஏழு மாதத்துக்கு முன்பு அம்மாவைச் சில வாரம் பெங்களூருவில் மகள் வீட்டில் விட்டார்கள். புது இடம், அடுக்குமாடி, தெரியாத முகங்கள். சாயங்காலம் ஆனால் 'வீட்டுக்குப் போகணும்' என்று கதவைத் தட்டுவார். தடுத்தால் அடிப்பார், கடிப்பார். கோபம் வந்தால் சின்ன வயதில் பேசிய தெலுங்கிலேயே திட்டுவார். பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது, 'பாட்டி என்னமோ உளறுறாங்க' என்பார்கள்.

அங்கே ஒரு டாக்டர் ரிஸ்பெரிடோன் 0.5 மில்லிகிராம் காலை ஒன்று, இரவு ஒன்று எழுதினார். கூடவே கை, கால் இறுக்கம் வராமல் இருக்க டிரைஹெக்சிபெனிடில் 2 மில்லிகிராம். 'ஒரு மாதம் கழித்து வாருங்கள்' என்று சீட்டில் இருந்தது. ஆனால் அதற்குள் அம்மா கல்லாவிக்குத் திரும்பிவிட்டார். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்கினார்கள். மறுபரிசீலனை நடக்கவே இல்லை.

இப்போது அம்மா அடிப்பதில்லை. ஆனால் கால் தேய்த்து நடக்கிறார். இரண்டு மாதத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். பகலெல்லாம் தூக்கம். ராகிக் களி விழுங்கும்போது புரை ஏறுகிறது. மலச்சிக்கல் வேறு.

படி 1: மாத்திரை ஏன் வந்தது?

மறுபரிசீலனையின் முதல் வேலை பழைய சீட்டைத் தேடி எடுப்பது. தொடங்கிய தேதி, அளவு, காரணம் மூன்றும் வேண்டும். அம்மா சாப்பிடும் பிரஷர், சுகர், தூக்க மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோவது நல்லது. பட்டியல் எழுதினால் ஒன்றிரண்டு விட்டுப்போகும், பை அப்படியே காட்டிவிடும்.

காரணம் மூன்று வகையில் ஒன்றாக இருக்கலாம். முதல் வகை, டிமென்ஷியா வருவதற்கு முன்பே இருந்த மனச்சிதைவு அல்லது இருதுருவ மனநோய். அப்படியென்றால் இந்தக் கட்டுரையில் சொல்லும் குறைப்பு முறை அவருக்குப் பொருந்தாது. இரண்டாவது, சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், ஆபரேஷன் சமயத்தில் திடீரென வந்த குழப்பம். தொற்று தீர்ந்தபின் அந்த மாத்திரைக்கு வேலை இல்லை. மூன்றாவது, டிமென்ஷியாவின் நடத்தை மாற்றம். கல்லாவி அம்மாவுடையது இந்த வகை. அதிலும் இடம் மாறியதால் வந்தது, இப்போது பழைய வீட்டுக்கே வந்துவிட்டார்.

'ராத்திரி தூக்கம் வரலை' என்பதற்காக மட்டும் குவெட்டியபின் போன்றவை தரப்பட்டிருந்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கத்துக்கு மட்டும் இந்த வகை மருந்து வேண்டாம் என்பதே கனடா நாட்டின் 2018 வழிகாட்டுதல்.

படி 2: என்ன பலன், என்ன தொல்லை?

அடுத்தது, மருமகள் ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதிய குறிப்பு. ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கு விஷயம்: எத்தனை மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அம்மா என்ன செய்தார், பிறகு எப்படி அடங்கியது. 'இன்னைக்கு ரொம்பத் தொல்லை' என்று எழுதினால் டாக்டருக்கு உதவாது. '6.10 மணி, குளிக்க எழுப்பினேன், கையைத் தட்டிவிட்டாங்க, காபி கொடுத்ததும் அடங்கிட்டாங்க' என்று எழுதினால் அதிலேயே பாதி பதில் இருக்கும்.

பிறகு டாக்டரின் பரிசோதனை. படுத்திருக்கும்போது ரத்த அழுத்தம் 130, எழுந்து நின்றதும் 104. மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் அது கவனிக்க வேண்டிய அடையாளம். விழுந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். முழங்கையை மடக்கி நீட்டினால் இறுக்கம் தெரிகிறது. முகத்தில் அசைவு குறைவு. விழுங்குவதில் சிரமம். இவை மூன்றும் மருந்தால் வரக்கூடியவை. களி விழுங்கும்போது புரை ஏறுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும் வழி அதுதான்.

இன்னொரு மாத்திரையும் இங்கே கவனத்துக்கு வருகிறது. இறுக்கத்துக்காகக் கூடவே தரப்பட்ட டிரைஹெக்சிபெனிடில், மறதியையும் குழப்பத்தையும் கூட்டும். மலச்சிக்கலையும் வரவழைக்கும். ஒரு மருந்தின் பக்கவிளைவுக்காக இன்னொரு மருந்து, அதன் பக்கவிளைவால் மூளைக்கு இன்னொரு சுமை.

ஒரு விதிவிலக்கைத் தெரிந்துகொள்வது அவசியம். லூயி பாடி டிமென்ஷியா என்று ஒரு வகை உண்டு. தெளிவான மாயத்தோற்றம், பார்க்கின்சன் போன்ற நடை, நாளுக்கு நாள் மாறும் தெளிவு, தூக்கத்தில் கனவுக்கு ஏற்ப கை கால் வீசுவது ஆகியவை அதன் அடையாளங்கள். அவர்களுக்கு இந்த மாத்திரைகள் சிறிய அளவிலேயே கடுமையான, சில நேரம் உயிருக்கே ஆபத்தான பாதிப்பைத் தரலாம். இந்த அடையாளங்கள் இருந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

படி 3: குறைக்கும் முன் எதைச் சரிசெய்யணும்?

மாத்திரை ஒரு மூடி மாதிரி. கீழே என்ன கொதிக்கிறது என்று பார்க்காமல் மூடியை எடுத்தால் பொங்கத்தான் செய்யும். வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, காது கேளாமை, கண்புரை, பசி, தூக்கமின்மை ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவருக்கு அடிப்பதுதான் பேச்சு. நார்வேயில் 352 முதியோர் இல்லவாசிகளிடம் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், வலிக்கு முறையாக மருந்து கொடுத்ததிலேயே ஆர்ப்பாட்டம் குறைந்தது.

கல்லாவி அம்மாவின் நோட்டில் ஒரு வாரத்தில் ஆறு சம்பவங்கள். அதில் நான்கு, மாலையில் குளிக்க எழுப்பும்போது நடந்தவை. தாழ்வான மணையில் இருந்து எழும்போது முழங்கால் வலி, அதற்கு மேல் குளிர்ந்த தண்ணீர், யாரோ துணியைக் கழற்றுகிறார்கள் என்ற பயம்.

மாற்றியது சின்ன விஷயங்கள்தான். குளியல் காலை 11 மணி வெயிலுக்கு மாறியது. மணைக்குப் பதில் உயரமான பிளாஸ்டிக் நாற்காலி. வெந்நீர். தோளில் ஒரு துண்டு போர்த்திய பிறகே துணியைக் கழற்றுவது. டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால். மலச்சிக்கலுக்கு மருந்து. 'வீட்டுக்குப் போகணும்' என்றால் 'இதுதான் வீடு' என்று வாதாடாமல், தெலுங்கில் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே வாசல் வரை நடத்திப் போய்த் திரும்புவது. இதை இரண்டு வாரம் செய்த பிறகுதான் மாத்திரையில் கைவைத்தார்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

படி 4: எவ்வளவு, எத்தனை நாளில் குறைப்பது?

கனடா வழிகாட்டுதல் சொல்லும் வேகம், ஒன்று முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 முதல் 50 சதவீதம் வரை. மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் மாத்திரை எடுத்து, தொந்தரவு அடங்கியவர்களுக்கும் பலனே கிடைக்காதவர்களுக்கும் இது பொருந்தும். மிக முதியவருக்கும், ஆரம்பத்தில் தொந்தரவு கடுமையாக இருந்தவருக்கும் மெதுவான வேகமே நல்லது.

உதாரணக் குடும்பத்துக்கு டாக்டர் எழுதிய திட்டம் இது:

- முதல் 2 வாரம்: காலை மாத்திரை நிறுத்தம். இரவு 0.5 மில்லிகிராம் மட்டும்.
- அடுத்த 2 வாரம்: இரவு 0.25 மில்லிகிராம், அதாவது 0.5 மாத்திரையில் பாதி.
- 5-வது வாரம்: ரிஸ்பெரிடோன் முழு நிறுத்தம்.
- அதன் பிறகு, இறுக்கம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு டிரைஹெக்சிபெனிடிலையும் படிப்படியாக நிறுத்துவது.

காலை மாத்திரையை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. பகல் தூக்கமும் விழுவதும் பெரிய பிரச்சினை, ஆர்ப்பாட்டம் வருவதோ மாலையில். தொல்லை தரும் நேரத்து அளவு முதலில் போகிறது, தேவைப்படும் நேரத்துக்கு அருகில் உள்ளது கடைசியில் போகிறது. அதேபோல இறுக்கத்துக்கான மாத்திரையை முதலில் நிறுத்தினால், ரிஸ்பெரிடோனால் வரும் இறுக்கம் திடீரெனக் கூடலாம்.

இது ஓர் ஆளுக்கான திட்டம். மருந்தும் அளவும் உடல்நிலையும் மாறினால் திட்டமும் மாறும். இதைப் பார்த்து வீட்டிலேயே குறைக்கக் கூடாது.

படி 5: எதைக் கவனிக்கணும்?

குறைத்த பிறகு வரும் எல்லாத் தொல்லையும் நோய் திரும்பியதற்கு அடையாளம் இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

குறைத்த சில நாளிலேயே தூக்கம் கெடுவது, குமட்டல், ஒரு நிலையில் இருக்க முடியாத தவிப்பு, உதடு அல்லது கை தானாக அசைவது ஆகியவை வந்தால், அது மருந்து குறைந்ததற்கு உடல் காட்டும் எதிர்வினையாக இருக்கலாம். பொதுவாகத் தானாக அடங்கும். அடங்காவிட்டால் முந்தைய அளவுக்குப் போய், இன்னும் மெதுவாகக் குறைக்கலாம்.

வாரங்கள் கழித்து, தொடங்கும்போது இருந்த அதே அறிகுறி திரும்பத் திரும்ப வந்தால் அது நோய் திரும்புவதாக இருக்கலாம். ஒரு மோசமான நாளை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் திடீரென ஒரே நாளில் குழப்பம், காய்ச்சல், சாப்பிட மறுப்பு வந்தால் அது இரண்டுமே இல்லாமல், தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கல்லாவி அம்மாவுக்கு, பாதி மாத்திரைக்கு இறங்கிய மூன்றாம் நாள் தூக்கம் போய்விட்டது. இரண்டு இரவு விடிய விடிய உட்கார்ந்திருந்தார். மருமகள் பழைய டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார். ஆனால் முதலில் போன் செய்யச் சொன்னது நினைவுக்கு வந்தது. 'அடிச்சாங்களா? காய்ச்சல் இருக்கா? சாப்பிட்டாங்களா?' என்று கேட்ட டாக்டர், இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். நான்காம் இரவு அம்மா தூங்கினார்.

ஏழாம் வாரம் வீட்டில் ஒரு விசேஷம். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு கத்தினார். மகள், 'பார்த்தியா, மாத்திரையை நிறுத்தினதுதான் காரணம்' என்றார். நோட்டைப் பார்த்தால் மூன்று வாரத்தில் அது ஒன்றுதான். மறுநாள் அமைதி. மாத்திரை திரும்பத் தொடங்கப்படவில்லை.

நிறுத்தியபின் மூன்றாம் மாதத்தில் கால் தேய்ப்பது குறைந்திருந்தது. களி இறங்கியது. பகலில் திண்ணையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். மறதி மாறவில்லை, மாறும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

குறைக்கும் காலத்திலும், நிறுத்திய பிறகு குறைந்தது நான்கு மாதத்துக்கும் மாதம் ஒருமுறையாவது பரிசோதனை வேண்டும். தொந்தரவு உண்மையாகவே திரும்பினால் அது தோல்வி இல்லை. மாத்திரை இல்லாத முயற்சிகளை முதலில் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மிகக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி முயலலாம். குறைந்தது இரண்டு முறை முயன்று பார்ப்பது கனடா வழிகாட்டுதலின் பரிந்துரை.

குடும்பத்தில் எப்படிப் பேசுவது?

திட்டம் காகிதத்தில் சரியாக இருந்தும் பல நேரம் உடைவது வீட்டில்தான். மாத்திரை கொடுப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர், செலவு பார்ப்பவர் மூன்றாமவர். ஒருவருக்குச் சொல்லாமல் விட்டால், அவர் வந்து பழைய மாத்திரையைக் கொடுத்துவிடுவார்.

முதலில் யாரிடம்? உடனிருந்து பார்ப்பவரிடம். கல்லாவிக் குடும்பத்தில் அது மருமகள். அடி வாங்கியதும், இனி ஏதாவது நடந்தால் வாங்கப்போவதும் அவர்தான். 'ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றவங்களுக்கு நிறுத்துறது ஈஸி டாக்டர், ராத்திரி நான்தானே தனியா இருக்கேன்' என்று அவர் சொன்னால் அதற்கு உண்மையான பதில் வேண்டும். உதாரணக் குடும்பத்தில், ஒவ்வொரு முறை அளவு குறையும்போதும் முதல் மூன்று நாள் மகன் வீட்டில் இருக்கும்படி ஷிஃப்டை மாற்றிக்கொண்டார். குறைக்கும் தேதியே அதை வைத்துத்தான் முடிவானது.

என்ன சொல்லணும்? டாக்டர் ஒரே உட்காரலில், தூரத்தில் இருக்கும் மகளை போனில் சேர்த்துக்கொண்டு, ஐந்து விஷயத்தைச் சொல்ல வேண்டும்: மாத்திரை ஏன் தொடங்கியது, தொடர்ந்தால் என்ன ஆபத்து, குறைத்தால் என்ன ஆகலாம், எதைக் கவனிக்கணும், யாரைக் கூப்பிடணும்.

"இந்த மாத்திரை கொடுத்தது தப்புன்னு நான் சொல்லலைம்மா. அன்னைக்கு அவங்க இருந்த நிலைமைக்குத் தேவைப்பட்டிருக்கலாம். இப்போ அவங்க விழுறாங்க, புரை ஏறுது. இந்த மாத்திரையைத் தொடர்ந்தா பக்கவாதம், நிமோனியா, உயிர் ஆபத்துகூட கொஞ்சம் அதிகம். அதனால மெதுவா குறைச்சுப் பார்க்கலாம். திரும்ப வராதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. வந்தா என்ன செய்யணும்னு இப்பவே எழுதி வெச்சுக்கலாம்" என்பது போலப் பேசினால் குடும்பம் கேட்கும்.

முதல் வாக்கியம் முக்கியம். அது இல்லாவிட்டால் பெங்களூருவில் டாக்டரிடம் கூட்டிப்போன மகள், 'நான்தான் அம்மாவைக் கெடுத்துட்டேனா' என்று நினைப்பார், இல்லையென்றால் திட்டத்தையே எதிர்ப்பார். 'செலவைக் குறைக்க மாத்திரையை நிறுத்துறீங்களா?', 'இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு கைவிடுறீங்களா?' என்ற கேள்விகளும் வரும். கேட்பதற்கு முன்பே பதில் சொல்லிவிடுவது நல்லது.

என்ன எழுதி வைக்கணும்? ஒரே ஒரு தாள், ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டும் அளவுக்கு. மேலே வாரவாரியான அளவு. நடுவில் 'இது வந்தால் பொறுக்கலாம்' என்று ஒரு பகுதி: ஓரிரு இரவு தூக்கமின்மை, லேசான தவிப்பு. கீழே 'இது வந்தால் உடனே கூப்பிடணும்': தனக்கோ பிறருக்கோ காயம் ஏற்படும் அளவு மூர்க்கம், காய்ச்சல், உடம்பு விறைப்பது, விழுங்க முடியாதது, எழுப்பினாலும் எழாதது. டாக்டர் போன் நம்பர் பெரிய எழுத்தில். அந்தத் தாளின் போட்டோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில். பழைய மாத்திரை டப்பா மகனிடம், பூட்டிய அலமாரியில். 'டாக்டரைக் கேட்காமல் யாரும் திரும்பத் தொடங்கக் கூடாது' என்று ஒரு வரி.

அம்மாவிடமும் சொல்ல வேண்டும். அவருக்கு முழுதாகப் புரியாமல் போகலாம். 'தூக்கம் வர்ற மாத்திரையைக் கொஞ்சம் குறைக்கிறோம்மா' என்று அவருக்குப் புரியும் மொழியில் சொல்வது அவர் உரிமை.

யாருக்குக் குறைக்கக் கூடாது?

ஆரம்பத்தில் மாயத்தோற்றமோ மூர்க்கமோ மிகக் கடுமையாக இருந்து, மாத்திரையால் தெளிவாகக் குறைந்தவர்களுக்கு, பக்கவிளைவு அதிகம் இல்லையென்றால் தொடர்வதே சரியாக இருக்கலாம். நீண்ட கால மனநோய் உள்ளவர்களுக்கு மனநல மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும். இப்போது தொற்றோ வேறு உடல்நலக் கோளாறோ இருந்தால் அது தீரும்வரை பொறுக்கலாம். வீட்டில் வேறு பெரிய மாற்றம், அதாவது வீடு மாறுவதோ பார்த்துக்கொள்பவர் மாறுவதோ நடக்கும் வாரத்தில் தொடங்கக் கூடாது.

இந்தப் பகுதியில் எங்கே போவது?

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கும் இந்தப் பகுதி மக்கள் போகிறார்கள். மாநில எல்லை தாண்டி மருத்துவம் பார்ப்பவர்கள், சீட்டில் மாத்திரை தொடங்கிய காரணத்தையும் மறுபரிசீலனைத் தேதியையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்கினால், ஊரில் உள்ள டாக்டர் அங்கிருந்து தொடர முடியும்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகருக்காக வீடு தேடி வரும் ஊழியரிடம், படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதித் தரச் சொல்லலாம். அந்த இரண்டு எண்கள் டாக்டருக்குப் பெரிய உதவி.

மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416. முதியோர் உதவி எண் 14567. உடனடி ஆபத்து என்றால் 108.

வீட்டில் டிமென்ஷியா உள்ளவர் இந்த வகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், சீட்டில் உள்ள தேதியை எடுத்துப் பார்க்கவும். மூன்று மாதம் தாண்டியிருந்தால், அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகும் முன் டாக்டரிடம் போய், 'இது இன்னும் தேவையா?' என்று கேட்கவும். அதுவரை மாத்திரையைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.